வேறொருவருக்கு எழுதிய செய்தி வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டால்: முதல் நிமிடத்திலிருந்து மறுநாள் காலை வரை

காரைக்குடியில் நானும் என் அக்காவும் வீட்டிலேயே கல்யாணப் பலகாரம் செய்து கொடுக்கிறோம். தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை, கைமுறுக்கு. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். விலை பேசுவது, தேதி குறிப்பது, முன்பணம் வந்ததற்கு ஆதாரம் எல்லாமே அதில்தான் இருக்கும். போன ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால், கானாடுகாத்தானில் ஓர் ஆச்சியிடம் 60 கிலோ ஆர்டர் பேசிக்கொண்டிருந்தபோது, அக்காவுக்கு எழுத வேண்டியதை ஆச்சிக்கே எழுதி அனுப்பிவிட்டேன்.

எழுதியது இதுதான்: "60 கிலோவுக்கும் 520லயே நில்லுக்கா. 480 வரைக்கும் இறங்கலாம், இப்பவே சொல்லிடாத. வைரத்தோடு போட்டுக்கிட்டு இந்த ஆச்சி பத்து ரூபாய்க்கு உசுர வாங்குது."

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த எல்லாமே தப்பாகப் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால், கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள். நீங்கள் வியாபாரம் செய்பவராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சம்பந்தி வீட்டாரிடம் பேசும்போதும், பங்காளிகள் குழுவில் பேசும்போதும் இதேதான் நடக்கிறது.

1. முதலில் எதையும் தொடாமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள்

தப்பு நடந்தது தெரிந்ததும் விரல் நேராக அழிக்கப் போகும். அரை நிமிடம் பொறுங்கள்.

முதலில், செய்தி யாருக்குப் போயிருக்கிறது என்று மேலே உள்ள பெயரைப் பாருங்கள். தனி ஆளா, குழுவா? குழு என்றால் உங்கள் செய்தியை அழுத்திப் பிடித்து Message info என்பதைத் திறந்தால், யார் யார் படித்துவிட்டார்கள், யாருக்கு வந்து மட்டும் சேர்ந்திருக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும்.

அடுத்து டிக்குகளைப் பாருங்கள். ஒரு சாம்பல் டிக் என்றால் அவர்கள் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டு சாம்பல் டிக் என்றால் சேர்ந்துவிட்டது, திறக்கவில்லை. நீலம் என்றால் திறந்துவிட்டார்கள். இதில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. நீல டிக் வராதபடி அமைத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். தனிப் பேச்சில் அவர்கள் படித்தாலும் உங்களுக்குச் சாம்பலாகவே தெரியும். போதாக்குறைக்கு, நீங்கள் அனுப்பியது அவர்கள் போன் திரையின் மேலே எட்டிப் பார்க்கும். பேச்சின் நடுவில் போன செய்தி என்றால் போனைக் கையிலேயே வைத்திருப்பார்கள். ஆகவே இரண்டு டிக் விழுந்துவிட்டால் படித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டே அடுத்த அடியை எடுங்கள். எனக்கு ஒரு நிமிடத்துக்குள் நீலம் விழுந்துவிட்டது.

மூன்றாவதாக, போன செய்தியை நீங்களே ஒருமுறை முழுசாகப் படியுங்கள். இதைச் சொன்னால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் பதற்றத்தில் யாரும் செய்வதில்லை. நானும் செய்யவில்லை. அதில் "60 கிலோ" என்று எழுதியிருந்தேன் என்பதே எனக்கு நினைவில்லை. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று மூன்றாவது படியில் சொல்கிறேன்.

2. அழிப்பதா, விடுவதா

எல்லாருக்கும் அழிக்க Delete for everyone. அனுப்பிய பிறகு இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை இது கிடைக்கும். அதனால் நேரம் போய்விடுமே என்று அவசரப்பட வேண்டியதில்லை. அவசரத்தில்தான் பக்கத்தில் இருக்கும் Delete for me மேல் விரல் பட்டுவிடும். அப்படிச் செய்தால் உங்கள் போனில் மட்டும் மறையும், அவர்களிடம் அப்படியே இருக்கும், உங்களால் மறுபடி அழிக்கவும் முடியாது. இப்படி ஆகிவிட்டால் திரையின் அடியில் Undo என்று சுமார் ஐந்து நொடி நிற்கும். உடனே அதைத் தொடுங்கள், செய்தி திரும்ப வரும். அப்புறம் சரியானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எதை அழிக்க வேண்டும் என்பதில் என் முடிவு இது. செய்தியில் மூன்றாவது ஆளின் விஷயம் இருந்தால் படித்திருந்தாலும் அழித்துவிடுங்கள். யாருக்கோ ஆபரேஷன், யார் வீட்டிலோ பெண் பார்க்க வந்தது, யாருக்கோ கடன் என்பதெல்லாம் உங்கள் விஷயம் இல்லை. அது அங்கே கிடக்கக் கிடக்க இன்னொரு கைக்குப் போகும். ஆதார், பாஸ்புக், காசோலைப் படம் போயிருந்தாலும் உடனே அழியுங்கள்.

ஆனால் செய்தி யாரைப் பற்றியதோ அவருக்கே போய், அவர் படித்தும் விட்டார் என்றால், அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அழித்த இடத்தில் This message was deleted என்று ஒரு வரி நிற்கும். படித்தவருக்கு நீங்கள் எழுதியது நினைவில் இருக்கிறது, மறைக்கப் பார்த்தீர்கள் என்பது அதோடு சேர்ந்துகொள்கிறது. முதலில் பேசுங்கள். அப்புறம், "அதை அழிச்சுடட்டுமா?" என்று கேட்டு அழியுங்கள். ஆள் இன்னும் படிக்கவில்லை, ஒரே டிக் என்றால் மட்டும் அழித்துவிட்டு உடனே மூன்றாவது படிக்குப் போகலாம்.

அழித்தாலும் முழுசாகப் போய்விட்டது என்று நம்ப வேண்டாம். அவர்கள் உங்கள் செய்தியைச் சுட்டி அதற்குப் பதில் எழுதியிருந்தால், அந்தப் பதிலின் தலையில் உங்கள் வரி அப்படியே நிற்கும். ஆண்ட்ராய்டு போனில் வந்த அறிவிப்புகளைச் சேர்த்து வைக்கும் வசதி உண்டு. அதை இயக்கி வைத்திருந்தால் அங்கே படிக்கலாம். படம் என்றால் அவர்கள் கேலரியில் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம்.

Edit பற்றியும் ஒரு வார்த்தை. பதினைந்து நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம், ஓரத்தில் Edited என்று விழும். எழுத்துப் பிழைக்கு அது நல்லது. திட்டி எழுதியதை வாழ்த்தாக மாற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். படித்தவர் கண்ணெதிரே வார்த்தை மாறுவது அழிப்பதைவிட மோசமாகத் தெரியும்.

குழுவில் போயிருந்து, உங்களால் அழிக்க முடியாத நிலை வந்தால் குழுவின் அட்மினிடம் தனியாகச் சொல்லுங்கள். அட்மினால் மற்றவர்கள் செய்தியையும் எல்லாருக்கும் அழிக்க முடியும். அதற்கு நீங்கள் குழுவிலேயே "யாரும் படிக்காதீங்க" என்று எழுதத் தேவையில்லை. அப்படி எழுதினால் படிக்காமல் இருந்தவர்களும் மேலே ஏறிப் போய்ப் படிப்பார்கள்.

3. ஐந்து நிமிடத்துக்குள் ஒரே ஒரு செய்தி

இந்தப் படியில்தான் நான் விழுந்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

செய்தி போனது மாலை 7:40. நீலம் விழுந்ததும் 7:42க்கு அழித்தேன். 7:43க்கு, "ஸாரி ஆச்சி, அது வேற ஒரு ஆர்டர் பத்தி, மாறி வந்துருச்சு" என்று எழுதி, கூடவே ஒரு சிரித்த முகத்தையும் போட்டேன். ஆச்சியிடமிருந்து ஏழு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: "60 கிலோன்னு என் ஆர்டரத்தானே போட்டிருந்துச்சு." அதற்கு என்ன பதில் எழுதுவது? நான் ஒன்றும் எழுதவில்லை. 8:30க்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

இப்போது அந்த நேரம் திரும்பக் கிடைத்தால் 7:42க்கு இதைத்தான் எழுதுவேன்:

"ஆச்சி, இப்ப வந்தது என் அக்காவுக்கு எழுதினது. உங்களைப் பத்தித்தான் எழுதினேன். அப்படி எழுதினது தப்பு, மன்னிச்சுக்கங்க. பத்து நிமிஷத்துல போன் பண்றேன்."

இதில் நான்கு வேலை நடக்கிறது. யாருக்கு எழுதியது என்று சொல்லியாயிற்று. யாரைப் பற்றியது என்பதை மறைக்கவில்லை. தப்பு எது என்று சொல்லியாயிற்று. கவனியுங்கள், தப்பு "மாறி வந்தது" இல்லை, "எழுதினது". இந்த இரண்டில் எதற்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்பதைத்தான் எதிரில் இருப்பவர் முதலில் பார்ப்பார். கடைசியாக, அடுத்து என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று ஒரு நேரம் குறித்தாயிற்று. அந்த நேரம் இல்லாவிட்டால் அவர்கள் பதில் எழுத ஆரம்பிப்பார்கள், நீங்கள் விளக்கம் எழுதுவீர்கள், எழுத எழுத நீளும்.

இந்த ஒரு செய்தியில் சேர்க்கக் கூடாதவை சில உண்டு. "தம்பி பையன் போனை எடுத்து விளையாடிட்டான்" என்பது வேண்டாம். விலையும் கிலோவும் சரியாக எழுதுகிற குழந்தை கிடையாது. "தப்பா எடுத்துக்காதீங்க" என்பதும் வேண்டாம். எழுதியதே தப்பாக இருக்கும்போது அதை எப்படிச் சரியாக எடுத்துக்கொள்வது? சிரித்த முகமும் கும்பிட்ட கையும் வேண்டாம். விளக்கமும் வேண்டாம், அதற்குப் போன் இருக்கிறது.

செய்தி சாதாரணமானது என்றால் இவ்வளவு தேவையில்லை. "ரெண்டு கிலோ உளுந்து வாங்கிட்டு வா" என்று வாடிக்கையாளருக்குப் போய்விட்டால், "இது வீட்டுக்கு அனுப்பினது ஆச்சி, மாறிருச்சு" என்று எழுதி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள். அதற்குப் போய் நான்கு வரி மன்னிப்பு எழுதினால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

4. சொன்ன நேரத்துக்குப் போன், முடிந்தால் மறுநாள் நேரில்

பத்து நிமிடம் என்று சொன்னால் பத்து நிமிடத்தில் கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் இன்னொரு முறை, அரை மணி கழித்து. அதற்கு மேல் அன்று கூப்பிடாதீர்கள். ஐந்து மிஸ்டு கால் பார்த்தால் நெருக்குவதாகத்தான் தோன்றும். "எடுக்க முடியாட்டி பரவாயில்ல ஆச்சி, நாளைக்குக் காலையில நேர்ல வர்றேன்" என்று ஒரு வரி போதும்.

கானாடுகாத்தான் இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். கையில் பலகாரப் பொட்டலம் எடுத்துப் போகலாமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றேன். அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. மன்னிப்புக் கேட்கப் போகும்போது பொருள் கொண்டுபோனால், அதை வாங்குவதா மறுப்பதா என்ற பாரத்தையும் அவர்கள் தலையில் வைக்கிறோம்.

முகப்பிலேயே உட்காரச் சொன்னார்கள். விலையைப் பற்றித்தான் கோபம் இருக்கும் என்று நினைத்து, "480க்கே செஞ்சு தர்றோம் ஆச்சி" என்று ஆரம்பித்தேன். ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"விலைய ஏத்திச் சொல்றது யாவாரம் ஆத்தா. நாங்களும் யாவாரம் பண்ணின குடும்பந்தான், அதுல எனக்கு ஒண்ணுமில்ல. இந்தத் தோடு எங்க ஆத்தா போட்டிருந்தது. அதக்கூட விட்டுர்றேன். வேற ஆர்டருன்னு சொன்னியே, அதுதான்."

எது புண்படுத்தியது என்று நான் போட்ட கணக்கு முழுக்கத் தப்பு. அதனால் நீங்கள் போகும்போது உங்கள் கணக்கை முன்னால் வைக்காதீர்கள். "நான் எழுதினது தப்பு, அப்புறம் வேற ஆர்டருன்னு சொன்னது அதைவிடத் தப்பு" என்று நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் பேசட்டும் என்று இருங்கள். அக்காவுக்கும் எனக்கும் அன்று எவ்வளவு வேலை, எத்தனை மணிக்கு எழுந்தோம் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வாய் வரும். அவர்களே கேட்டால் சொல்லலாம்.

சம்பந்தி வீடு, பங்காளி வீடு என்றால் ஒரு மாற்றம் உண்டு. அங்கே நீங்கள் தனியாகப் போவதைவிட, செய்தி உண்மையில் யாருக்கு எழுதப்பட்டதோ அவரும் கூட வருவது நல்லது. இல்லாவிட்டால் "எழுதினது நீ, பேசினது எல்லாரும்" என்ற எண்ணம் அவர்கள் மனதில் அப்படியே தங்கிவிடும்.

5. பணம் இருந்தால் அன்றைக்கே கணக்கை முடியுங்கள்

விலை வெளியே வந்துவிட்ட பிறகு பழைய விலையில் நிற்க முடியாது. எங்கள் கணக்கு இது. அந்த ஆர்டரில் இருந்த மூன்று பலகாரத்துக்கும் கிலோ ஒரே விலை பேசியிருந்தோம். 520 என்றால் 60 கிலோவுக்கு 31,200 ரூபாய். 480 என்றால் 28,800. வித்தியாசம் 2,400. ஏற்கெனவே 10,000 முன்பணம் வாங்கியிருந்தோம்.

480க்கு இறங்குவதாக நீங்களே எழுதிவிட்டீர்கள், ஆகவே இனி அதுதான் உங்கள் விலை. அதற்கும் கீழே, "உங்களுக்காக 450" என்று போகாதீர்கள். மன்னிப்புக்கு விலை வைத்த மாதிரி ஆகும். அந்த விலையில் செய்தால் சாமானில் எங்கேயாவது கை வைக்க வேண்டி வரும், அது இன்னொரு பிரச்சினை.

அடுத்தது முன்பணம். "வேணாம்னா இன்னைக்கே முழுசாத் திருப்பிர்றேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பிடித்துக்கொள்ள நமக்கு வழி இருந்தாலும் இந்த இடத்தில் பிடிக்கக் கூடாது. முகூர்த்த நாளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள், அவர்கள் வேறு ஆள் பார்க்க வேண்டுமானால் நேரம் வேண்டும். எங்களுக்கு அப்போது பதினெட்டு நாள் இருந்தது.

ஆச்சி யோசித்துவிட்டு, தேன்குழல் 25 கிலோ மட்டும் எங்களிடம் இருக்கட்டும், மற்றதை வேறு இடத்தில் சொல்லிக்கொள்கிறேன் என்றார்கள். 480 வீதம் 12,000. முன்பணம் போக மீதி 2,000. வீட்டுக்கு வந்ததும் பொருள், எடை, விலை, கொடுக்கும் தேதி, முன்பணம், மீதி எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதி அனுப்பினேன். நேரில் பேசியதை இப்படி எழுத்தில் போட்டு அவர்களிடமிருந்து "சரி" வாங்கிவிடுங்கள். மனஸ்தாபம் வந்த இடத்தில் வாய்க்கணக்கு நிற்காது.

35 கிலோ கைவிட்டுப் போனது எங்களுக்குப் பெரிய நஷ்டம்தான். ஆனால் அது ஆச்சி எடுக்க வேண்டிய முடிவு. திரும்பக் கேட்டு நச்சரிக்கவில்லை.

6. போனது ஆவணமோ ரகசிய எண்ணோ என்றால்

இது வேறு மாதிரியான அவசரம். இங்கே மன்னிப்பெல்லாம் அப்புறம்.

வங்கி ஓ.டி.பி. மாறிப் போனால், அழித்துவிட்டு, நீங்கள் செய்துகொண்டிருந்த பரிவர்த்தனையை ரத்து செய்து புதிதாக ஆரம்பியுங்கள். யு.பி.ஐ. பின் போயிருந்தால் செயலியில் உடனே பின்னை மாற்றுங்கள், அதற்குப் பழைய பின் தெரிந்தால் போதும். ஆதார் படம் தெரியாத ஆளுக்கோ பெரிய குழுவுக்கோ போயிருந்தால், ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டி வைக்கலாம், கட்டணம் இல்லை. இனிமேல் யாருக்காவது ஆதார் அனுப்ப வேண்டியிருந்தால், முதல் எட்டு இலக்கம் மறைந்திருக்கும் ஆதாரைப் பதிவிறக்கி அதையே அனுப்புங்கள். கல்யாண மண்டபம் பதிவு செய்ய, தங்கும் அறை எடுக்க அது போதுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

பணம் போய்விட்டது தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். கூப்பிடும்போது பரிவர்த்தனை எண், நேரம், தொகை, உங்கள் வங்கிக் கணக்கு விவரம் இவை கையில் இருக்கட்டும். அடுத்த நாள் பார்ப்போம் என்று விட்டால் பணம் கணக்கு மாறிக்கொண்டே போய்விடும்.

7. அடுத்தவர் செய்தி உங்களுக்கு வந்தால்

இதுவும் எனக்கு நடந்திருக்கிறது. ஒரு சமையல் மாஸ்டர் தன் மனைவிக்கு எழுதியது, நாங்கள் சாமான் பட்டியல் பேசிக்கொண்டிருந்த நடுவில் எனக்கு வந்தது. பெண்ணின் கல்லூரிப் பணம் கட்ட நகை அடகு வைப்பது பற்றி. படிக்காத மாதிரி இருந்துவிட்டேன். அவர் இரண்டு நாள் கழித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் என்னிடம் போனில் பேசுவதையே குறைத்துக்கொண்டார். படித்தேனா இல்லையா என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது.

உடனே சொல்லிவிடுவதுதான் நல்லது. "அண்ணே, இது எனக்கு அனுப்பினது இல்லன்னு நினைக்கிறேன். முதல் வரி படிச்சுட்டேன், மத்தவங்க யாரும் பாக்கல. நீங்க அழிச்சிருங்க." எவ்வளவு படித்தீர்களோ அதை உள்ளபடி சொல்லுங்கள். முழுசாகப் படித்திருந்தால் முழுசாக என்றே சொல்லுங்கள். அழிக்க அவருக்கு இரண்டு நாள்தான் அவகாசம் என்பதால் உங்கள் தாமதம் அவருக்குத்தான் நஷ்டம். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், வீட்டில் காட்டாதீர்கள், அந்த விஷயத்தில் ஆலோசனை சொல்லாதீர்கள். உதவ வேண்டும் என்று தோன்றினாலும், அவராக ஆரம்பிக்கிற வரை பேசாதீர்கள்.

வந்தது உங்களைப் பற்றித்தான் என்றால், அந்தச் சூட்டிலேயே பதில் எழுத வேண்டாம். ஆச்சி எனக்கு ஏழு நிமிடம் கழித்து ஒரே வரி எழுதினார்கள். அதில் வசவு இல்லை, தான் படித்தது எது என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "இதைப் படிச்சுட்டேன். போன்ல பேசலாம்" என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் எதிரில் இருப்பவருக்கு உண்மையைச் சொல்ல ஒரு வழி இருக்கும்.

தெரியாத எண்ணிலிருந்து "மாறி வந்துருச்சு" என்று வருவதை மட்டும் இதே கணக்கில் சேர்க்காதீர்கள். அறிமுகமில்லாதவர் தப்பாக அனுப்பிய மாதிரி ஆரம்பித்து, நட்பாகப் பேசி, சில வாரம் கழித்து முதலீட்டில் இழுப்பது ஒரு மோசடி. "என் ஆறு இலக்க எண் தவறி உங்க போனுக்கு வந்திருக்கு, அனுப்புங்க" என்று தெரிந்தவர் பெயரிலேயே வருவது இன்னொன்று. அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் வாட்ஸ்அப் கணக்கே அவர்கள் கைக்குப் போய்விடும். மூன்றாவது, "உங்களுக்குப் பணம் மாத்திப் போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க" என்பது. எங்களைப் போலச் சிறு வியாபாரிகளுக்கு இது அடிக்கடி வருகிறது. வந்த எஸ்.எம்.எஸ்ஸை நம்பாமல், வங்கிச் செயலியில் கணக்கிலேயே பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்பாமல், அவர்கள் வங்கி மூலம் கேட்கச் சொல்லுங்கள்.

8. நாங்கள் மாற்றிக்கொண்டவை

எப்படி மாறிப் போனது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆச்சியின் பேச்சு திறந்திருந்தது. "எவ்வளவுக்கு முடிக்க?" என்ற அக்காவின் கேள்வி திரையின் மேலே எட்டிப் பார்த்தது. அங்கேயே படித்துவிட்டேன், அதைத் தொட்டு உள்ளே போகவில்லை. கேள்விக்கான பதிலை, கீழே திறந்திருந்த பெட்டியில் அடித்துவிட்டேன். விசாரித்தவரையில் பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது. அடுத்தபடியாக, பேச்சுப் பட்டியலில் விரல் வைக்கும் நொடியில் புதுச் செய்தி வந்து வரிசை மாறிவிடுவது.

அதனால் முதல் காரியமாக, அமைப்புகளில் போய்த் திரையின் மேலே செய்தி எட்டிப் பார்ப்பதை நிறுத்தினேன். சத்தம் மட்டும் வரும். அக்காவின் பேச்சைப் பட்டியலின் உச்சியில் பின் செய்து வைத்திருக்கிறேன், எது வந்தாலும் அது இடம் மாறாது. அதோடு அக்காவின் பேச்சுக்கு மட்டும் பின்னணியை அடர் சிவப்பாக மாற்றினேன். ஒவ்வொரு பேச்சுக்கும் தனித்தனி வால்பேப்பர் வைக்க வாட்ஸ்அப்பில் வசதி இருக்கிறது, ஒரு நிமிட வேலை. வெளிர் நிறம் கண்ணில் பட்டால் அது வெளியாள் என்று விரல் தானாக நிற்கிறது.

ஆர்டர்களை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டோம். செயலிக்குக் கட்டணம் இல்லை, இரண்டாவது சிம்முக்கான ரீசார்ஜ்தான் செலவு. மாற்றும்போது பழைய வாடிக்கையாளர்களுக்குப் புது எண்ணைத் தெரிவிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், முகூர்த்தக் காலத்தில் மாற்றாதீர்கள்.

விலை பற்றி அக்காவிடம் கேட்க வேண்டும் என்றால், இப்போது எழுதுவதில்லை. அடுப்படிக்கு எழுந்து போய்க் கேட்கிறேன். அக்கா ஊரில் இல்லாவிட்டால் போன். அந்த இரண்டு நிமிடம் வாடிக்கையாளர் காத்திருக்கட்டும், "அக்காட்ட கேட்டுட்டுச் சொல்றேன் ஆச்சி" என்றால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

தேன்குழல் 25 கிலோவையும் சொன்ன தேதிக்கு முந்தின நாள் மாலை கொண்டுபோய் இறக்கினோம். ஆச்சி ஒரு டின்னைத் திறந்து, ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு மீதி 2,000 ரூபாயைக் கொடுத்தார்கள். தை மாதத்துக்கு அறுபதாம் கல்யாணச் சாந்தி ஒன்று இருப்பதாகவும், அதற்கு இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. புது எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.